கரண்டியை எப்போது காட்டுவது?

வாசகர் கடிதம்

*அக்கா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து 25 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறேன். கடற்கரையோரச் சிறை ஒன்றில் இருந்து ஒரு மீனவர் தப்புவதுதான் கதை. 22 நிமிடம் அவர் உள்ளே படும் பாடு. கடைசி 3 நிமிடத்தில் கயிற்றைக் கொக்கியில் கட்டிச் சுவர் ஏறிக் குதிக்கிறார், கடல் வற்றிய நேரத்தில் நடந்தே அக்கரை போய்விடுகிறார். கயிறும் கொக்கியும் எப்படிக் கிடைத்தன என்பதை அந்த இடத்தில் பிளாஷ்பேக்கில் காட்டுகிறேன். திரைக்கதையை வாசித்த நண்பர்கள் "திடீரென்று நடக்குது, நம்ப முடியேல்ல" என்கிறார்கள். ஆனால் முதலே காட்டிவிட்டால் ஆட்கள் முடிவைக் கண்டுபிடித்து விடுவார்கள்தானே? இன்னொன்று, பழைய சிறை உடைப்புப் படங்களில் இருந்து யுக்திகளை எடுத்தால் திருட்டு என்று வழக்கு வருமா? பிரெட்ரிக் கோட்டைக்குள் படம் பிடிக்கவும் ஆசை.*

பதில்

தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் பிழை கடைசி 3 நிமிடத்தில் இல்லை. அதற்கு முந்திய 22 நிமிடமும் உங்கள் மீனவர் அடி வாங்குகிறார், பசியோடு படுக்கிறார், வீட்டை நினைத்து அழுகிறார். அத்தனை நேரத்தில் அவர் கை எதையும் தொடுவதை நாம் பார்க்கவில்லை. திடீரென்று அந்தக் கையில் கயிறு இருந்தால் அதைக் கொடுத்தது எழுத்தாளர்தான் என்று பார்ப்பவருக்குப் பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல பிளாஷ்பேக் போட்டாலும் அது விளக்கம் சொல்வதாகத்தான் தெரியும்.

முடிவு தெரிந்தால் படம் செத்துவிடுமா?

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, முதல் படம் எழுதும் எல்லாருக்கும் இருக்கிறது. அதற்கு நான் வழக்கமாகக் காட்டுவது ரொபேர் பிரெஸ்ஸோன் 1956இல் எடுத்த 'எ மேன் எஸ்கேப்ட்'. ஒருவன் தப்பிவிட்டான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. 1943இல் லியோன் நகரின் மோன்லுக் சிறையில் இருந்து உண்மையாகவே தப்பிய ஆந்த்ரே தெவினியின் கதை அது. முடிவு தெரிந்துகொண்டே பார்க்கிறோம், ஆனாலும் மூச்சு விடப் பயமாக இருக்கிறது.

காரணம், அந்தப் படத்தில் ஒவ்வொரு பொருளும் கைக்கு வரும்போதே ஒரு சிக்கலையும் கூட்டி வருகிறது. கதாநாயகன் ஃபொந்தேன் தன் அறைக் கதவை உற்றுப் பார்க்கிறான். பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்திருக்கும் மரம் மட்டும் மென்மையானது என்று கண்டுபிடிக்கிறான். சாப்பாட்டுக் கரண்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, நிலத்தில் தேய்த்து உளியாக்குகிறான். சரி, உளி வந்துவிட்டது. ஆனால் சுரண்டினால் சத்தம் கேட்கும், தூள் விழும், கதவில் வெட்டுத் தெரியும். இந்த மூன்றையும் அவன் நாள்தோறும் சமாளிப்பதைத்தான் படம் பார்க்கிறது. கயிறும் அப்படித்தான். கட்டில் கம்பியையும் கிழித்த துணியையும் சேர்த்து முறுக்குவதைப் பொறுமையாகக் காட்டுகிறார்கள்.

உங்களுக்கு மிகவும் தேவையான இடம் அடுத்தது. சக கைதி ஓர்சினி, ஃபொந்தேனுக்கு முன்பே அவசரப்பட்டு ஓடிப் பார்க்கிறான், பிடிபடுகிறான். சாவதற்கு முன் அவன் சொல்லிவிட்டுப் போகும் செய்தி, கயிறு மட்டும் போதாது, கொக்கி வேண்டும், அதை அறை விளக்கின் சட்டத்தில் இருந்து செய்யலாம் என்பது. பிறகு ஃபொந்தேன் கொக்கி செய்யும்போது நாம் அதை வெறும் இரும்பாகப் பார்ப்பதில்லை. ஒருத்தன் உயிரைக் கொடுத்து வாங்கிய அறிவு அது. கொக்கி சுவரில் மாட்டுகிற அந்த நொடி நம்பும்படியாக இருப்பதற்கு, கொக்கி இல்லாமல் ஒருவன் தோற்றதை நாம் ஏற்கெனவே அறிந்திருப்பதுதான் காரணம்.

ஆக, 'தப்புவானா?' என்ற கேள்வியை விட 'இந்தக் கயிறு தாங்குமா, இந்தச் சத்தம் கேட்டுவிடுமா?' என்ற கேள்விதான் ஆளை இருக்கையில் பிடித்து வைக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் பார்ப்பவருக்குக் கயிறு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

ஒளித்து வைக்கும் வழியும் உண்டு, ஆனால்

'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) மாதிரி கடைசியில் அதிர வைக்கத்தானே ஆசைப்பட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் அந்தப் படம் எதையும் ஒளிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சின்னக் கல்சுத்தியலை முதல் பகுதியிலேயே காட்டுகிறார்கள். அதைக் கதாநாயகன் ஆண்டிக்கு வாங்கிக் கொடுக்கும் சக கைதி ரெட், இதை வைத்துச் சுரங்கம் தோண்ட 600 வருடம் ஆகும் என்று சிரித்துவிடுகிறான். நமக்கு வரக்கூடிய சந்தேகத்தைப் படமே வாய்விட்டுச் சொல்லி, பகிடியாக்கிக் கலைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சுத்தியலுக்கு வேறு வேலை கொடுக்கிறார்கள்: கல்லில் சதுரங்கக் காய் செதுக்குவது. தோண்டிய ஓட்டையை மறைக்கச் சுவரில் ஒட்டிய நடிகையின் படத்துக்கும் வெளிப்பார்வைக்கு வேறொரு காரணம் இருக்கிறது. பெண் வாசமே இல்லாத இடத்தில் ஆண்கள் அதைத்தான் ஒட்டுவார்கள். கடைசியில் ஆண்டி கயிறு கேட்டு வாங்குகிறான் என்று தெரியும்போது, தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறானோ என்று ரெட்டோடு சேர்ந்து நாமும் பதறுகிறோம்.

பொருளை ஒளிக்காமல் அதன் காரணத்தை ஒளிப்பதுதான் வித்தை. ஒவ்வொரு பொருளும் தான் வரும் சீனிலேயே நம்பும்படியான வேறொரு காரணத்தோடு வருகிறது. அதனால்தான் அங்கே கடைசி விளக்கம் எடுபடுகிறது. நாம் பார்த்த பொருட்களின் மறுபக்கத்தைத்தான் அது காட்டுகிறது. உங்கள் பிளாஷ்பேக்கோ நாம் பார்க்காத கயிற்றையும் பார்க்காத கொக்கியையும் புதிதாகக் கொண்டு வருகிறது.

இந்த வழியை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். அந்தப் படத்துக்கு இரண்டு மணிக்கு மேல் நேரம் இருந்தது, கதைக்குள் ஏறக்குறைய இருபது வருடம் இருந்தது, எல்லாவற்றையும் வெளியில் நின்று சொல்ல ஒரு நண்பன் இருந்தான். 25 நிமிடத்தில் பொய்க் காரணங்களை நட்டு, அவை மறந்துபோக விட்டு, திரும்ப எடுக்க இடம் இல்லை. பிரெஸ்ஸோனின் திறந்த வழிதான் உங்கள் அளவுக்குப் பொருந்தும். சுத்தியலுக்கு வேறொரு வேலை கொடுத்தார்களே, அந்த யுக்தியை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீனவருக்கு என்ன தெரியும்?

கதாநாயகன் மீனவர் என்று எழுதிவிட்டு, அவர் மீனவர் என்பதை எங்கேயும் நீங்கள் பயன்படுத்தவில்லை. அதில்தான் உங்கள் படம் இருக்கிறது. ஒரு சாத்தியத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன், பிடித்தால் எடுங்கள்.

சிறை முற்றத்தில் காவலர்கள் கரப்பந்து விளையாடுகிறார்கள். நம்ம ஊரில் இது இல்லாத முற்றம் ஏது? வலை கிழிந்திருக்கிறது. கடற்கரையில் வலை பொத்திப் பழகிய கைதி என்று உங்கள் ஆளைக் கூப்பிட்டு நைலோன் நூலைக் கொடுக்கிறார்கள். காவலர் கெட்டிக்காரர், நூலை அளந்து கொடுக்கிறார், வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கேட்டு வாங்குகிறார். ஆனால் ஒரு முடிச்சு எவ்வளவு நூலைத் தின்னும் என்பது காவலருக்குத் தெரியாது. அது வலை பொத்துகிறவனுக்குத்தான் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். கரப்பந்து வலையின் கண் 10 சென்டிமீட்டர் சதுரம். அந்தக் கண்ணளவில் ஒரு சதுர மீட்டர் வலைக்குச் சுமார் 20 மீட்டர் நூல் வேண்டும், முடிச்சுக்குத் தனி. உங்கள் ஆள் கண்ணை 12 சென்டிமீட்டராகக் கொஞ்சம் பெரிசாக்கிப் பின்னினால் 17 மீட்டருக்குள் முடிந்துவிடும். முடிச்சுகளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரு சதுர மீட்டர் பொத்தும் ஒவ்வொரு தடவையும் 4 மீட்டர் அளவில் மிச்சம் பிடிக்கலாம். ஒற்றை நூலில் ஆள் தொங்கினால் கையை அறுத்துவிடும், மூன்றாகப் பின்ன வேண்டும். சுவர் 5 மீட்டர் என்றால் 15 மீட்டர் நூல், பின்னும்போது சுருங்குவதையும் சேர்த்தால் 18. ஆக, வலை நாலைந்து தடவை கிழிய வேண்டும்!

இந்தக் கணக்கைப் படத்தில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் சீன்கள் தாமாகவே வரும். வலையை யார் கிழிப்பது? உயரமாகக் குதிக்கும் ஒரு கைதி கூட்டாளியாகத் தேவை. நாலாவது தடவை கிழியும்போது காவலருக்குச் சந்தேகம் வராதா? வலையின் ஒரு பக்கம் கண் பெரிதாக இருப்பதை யாராவது விரல் வைத்துப் பார்ப்பார்களா? அடி வாங்கும் சீன்களில் பாதியை எடுத்துவிட்டு இவற்றை வைத்தால், அவர் படும் துன்பமும் இதற்குள்ளேயே வந்துவிடும். மிச்ச நூலில் ஒரு முழம் குறைந்ததற்காக அடி வாங்குகிறார் என்று வையுங்கள். அந்த அடிக்கு ஒரு பொருள் இருக்கும்.

கொக்கிக்கும் தனி சீன் வேண்டாம். வலையைக் கம்பத்தோடு இழுத்து மாட்டும் இரும்புக் கொக்கி முதல் நிமிடத்தில் இருந்தே எல்லார் கண் முன்னும் தொங்கட்டும். தப்பும் நாள் பின்னேரம் அது கம்பத்தில் இல்லை. வலை ஒரு பக்கம் தொய்ந்து கிடக்கிறது. காவலர் ஒருவர் அதைப் பார்க்கிறார், நாளைக்குச் சரி செய்வோம் என்று போகிறார், நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். நீங்கள் நட்ட பொருளே உங்கள் ஆளைக் காட்டிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ழாக் பெக்கரின் 'லு த்ரூ' (1960) படத்தில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். கைதிகள் பல்துலக்கும் பிரஷ்ஷின் முனையில் கண்ணாடித் துண்டைக் கட்டி, கதவு ஓட்டை வழியாக வெளி நடையைப் பார்ப்பார்கள். படம் முழுக்க அவர்களைக் காப்பாற்றிய அந்தக் கண்ணாடியில்தான் கடைசியில் வாசலில் நிறைந்து நிற்கும் காவலர்களும் தெரிவார்கள்.

நேரமும் கடலும்

பொருளைப் போலவே பழக்கத்தையும் நட வேண்டும். எண்ணிக்கை எடுப்பது, விளக்கு அணைப்பது, ரோந்து வருவது. 'எஸ்கேப் ஃப்ரம் அல்கட்ராஸ்' (1979) படத்தில் இரவு எண்ணிக்கையை முன்கூட்டிக் காட்டியிருப்பதால்தான் கட்டிலில் கிடக்கும் பொம்மைத் தலை நமக்குப் பதற்றம் தருகிறது. எண்ணுகிறவர் எவ்வளவு கிட்ட வருவார் என்று நமக்கே தெரியும். முதல் தடவை பழக்கத்தைச் சும்மா காட்டுங்கள், வேறு ஏதோ சீன் நடக்கும்போது பின்னால் நடந்துகொண்டிருக்கட்டும். இரண்டாவது தடவை உங்கள் ஆள் அதைக் கவனிப்பதைக் காட்டுங்கள். மூன்றாவது தடவை அது பிழையாகிப் போக வேண்டும்.

அப்படிப் பிழையாகிப் போவதற்கு நம்ம ஊரிலேயே ஒன்று இருக்கிறது. பிரெஸ்ஸோன் படத்தில் சரளைக்கல் மேல் நடக்கும் சத்தத்தை ரயில் சத்தம் மூடிவிடும். உங்கள் ஆளும் விடியப்புறம் வரும் கொழும்பு மெயில் ரயிலின் சத்தத்தை நம்பியிருக்கட்டும். அது சொன்ன நேரத்துக்கு வராது என்பது திருகோணமலைக்காரர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அதனால் ஒரு சீனில் அவர் படுத்துக்கொண்டே ரயிலுக்குக் காதைக் கொடுத்துக் காத்திருக்க, அது வெளிச்சம் வந்த பிறகு வருவதைக் காட்டிவிடுங்கள். தப்பும் இரவில் அவர் சுவருக்குக் கீழே நின்று ரயிலுக்காகக் காத்திருக்கும்போது யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

கடல் விஷயத்தில் நீங்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். கடல் வற்றி அக்கரைக்கு நடப்பது வேறு நாட்டுக் கதை. எங்கள் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக் கூட எட்டாது. உப்புவெளியில் கரைவலை இழுக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். உங்கள் முதல் பார்வையாளர்களே அவர்கள்தான் என்பதால் இந்த ஒன்று படத்தையே கவிழ்த்துவிடும். நீரை விட்டுவிட்டுக் காற்றை எடுங்கள். வாடை அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கக் கடல் ஒருத்தனையும் விடாது, வாடை ஓய்ந்த பிறகுதான் நீந்தலாம். முற்றத்தில் ஒரு உடுப்புக் கொடி கட்டுங்கள். முதல் சீன்களில் உடுப்பெல்லாம் ஒரு பக்கமாகப் பறக்கட்டும், பிறகு மெல்ல ஓயட்டும். மீனவர் கொடியைப் பார்ப்பார், காவலர் பார்க்கமாட்டார். (படப்பிடிப்பு நாளில் காற்று நீங்கள் சொன்னபடி கேட்காது. ஒரு பெரிய மின்விசிறியும் கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பும் வைத்துக்கொள்ளுங்கள்.)

வழக்கு, அனுமதி

யுக்திக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்ணத்துக்கும் முறைக்கும் பாதுகாப்புக் கொடுப்பதில்லை, அது எழுதப்பட்ட, படமாக்கப்பட்ட வடிவத்துக்குத்தான் கொடுக்கிறது. கட்டிலில் பொம்மைத் தலை வைப்பது யுக்தி, நீங்களும் செய்யலாம். ஆனால் ஒரு படத்தின் சீன் ஒழுங்கு, வசனம், இசை எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்து வைத்தால் அது வேறு கதை. கரப்பந்து வலை போல உங்கள் ஆளின் தொழிலில் இருந்து எடுத்தால் இந்தக் கவலையே வராது.

பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோணேஸ்வரத்துக்குக் கும்பிடப் போகிறவர்களை விடுவது போல, கமெராவும் சிறைச் சீருடையும் கொண்டு போகிறவர்களை விடமாட்டார்கள். எழுத்தில் அனுமதி எடுக்காமல் போகவே வேண்டாம். எனக்கு அந்த இடமே வேண்டாம் என்றுதான் படுகிறது. பார்க்கிற எல்லாருக்கும் அது கோட்டை என்று உடனே தெரியும், பிரேமுக்குள் மான் வேறு வந்து நிற்கும். உயரமான மதில் உள்ள பழைய களஞ்சியம் ஒன்று போதும். எங்கே எடுத்தாலும் சீருடையோடு தெருவில் நிற்கும் சீன் இருந்தால் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கு முதலே சொல்லி வையுங்கள்.

நட்டது பிடித்ததா என்று பார்க்க

புதிதாக எழுதியதை, கதை தெரியாத இரண்டு பேருக்கு 20ஆவது நிமிடம் வரை வாசித்துக் காட்டி நிறுத்துங்கள். இப்போது இவரிடம் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நூலும் கொக்கியும் என்று சொல்லிவிட்டு, ஆனால் எந்த இரவு, எப்படி என்று தெரியாமல் முழித்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். நூலே ஞாபகம் இல்லை என்றால் அது ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கும், இன்னொரு சீனில் அதற்கு வேலை கொடுங்கள். 'கயிறு பின்னி மதில் ஏறப் போகிறார்' என்று இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டால், நீங்கள் நூலை ஒரு குளோசப்பில் வைத்து இசை போட்டிருக்கிறீர்கள். குளோசப்பை எடுத்துவிட்டு, நூல் ஆளின் மடியில் கிடக்க, முகத்தில் கமெராவை வையுங்கள்.

பிளாஷ்பேக்கை முழுதாக வெட்டுங்கள். அங்கே மிச்சமாகும் நேரத்தை, சுவருக்குக் கீழே ரயில் வராமல் நிற்கும் அந்தக் காத்திருப்புக்குக் கொடுங்கள்.